பல் ஊசியும் பி.பி.யும்

பி.பி. இருப்பவர்கள் பல் பிடுங்கப் போனால், "அட்ரினலின் இல்லாத ஊசியே போடுங்க டாக்டர்" என்று கேட்பதுண்டு. அவசரப்பட்டு அப்படிக் கேட்காதீர்கள். மரப்பு ஊசியில் சேர்க்கும் அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கி, மரக்க வைக்கும் மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் மரப்பு சீக்கிரம் விட்டுப்போகும்; வலி தாங்காமல் உடம்பே அட்ரினலினைச் சுரந்து பி.பி.யை ஏற்றிவிடும்.

அளவுதான் முக்கியம். 1:1,00,000 செறிவுள்ள 1.8 மி.லி. குப்பி ஒன்றில் 0.018 மி.கி. அட்ரினலின் இருக்கும். இதய நோயாளிக்கு வழக்கமான உச்சவரம்பு 0.04 மி.கி., அதாவது இரண்டு குப்பி. பி.பி. 150/90 உள்ளவருக்குக் கடைவாய்ப்பல் எடுக்கப் பெரும்பாலும் அதுவே போதும். 180/110-ஐத் தொட்டால் அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள்.

அன்று காலை பி.பி. மாத்திரையை விடாதீர்கள். மாத்திரை அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறிப்பாக புரோப்ரனலால் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அதோடு அட்ரினலின் சேர்ந்தால் பி.பி. திடீரென எகிறலாம். ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தால் கையைத் தூக்கி உடனே சொல்லுங்கள். மருந்து ரத்தக்குழாய்க்குள் போயிருக்கலாம். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். நெஞ்சுவலியோ கடும் தலைவலியோ வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.