காகிதப்பூவும் உருளைக்கிழங்கும்: தபாலில் போகும் பொங்கல் வாழ்த்து

கடையில் விற்கும் வாழ்த்து அட்டையைவிட வீட்டில் செய்தது அழகாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நாலு நாள் தபால் பையில் கிடந்து, முத்திரை அடி வாங்கி, மும்பையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும். அட்டையைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். பூவிலோ கிழங்கிலோ பசையிலோ கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தாலும், உறைக்குள் போனபின் அது வேலையைக் காட்டும்.

நாம் செய்யப்போவது ஒரு பொங்கல் பானை. பானை உருளைக்கிழங்கு அச்சு, தரை துணிக்கரை, பொங்கி வழியும் நுரை வெள்ளைக் காகிதப்பூ. அட்டைக்கு ஐவரி ஷீட் போதும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் இரண்டு அட்டை. மெல்லிய சார்ட் வேண்டாம், பசை பட்டதும் சுருண்டுகொள்ளும்.

முதலில் பூ, ஏனென்றால் நாள் பிடிப்பது அதற்குத்தான். மார்கழி பிறந்ததுமே ஆரம்பித்துவிடுங்கள். மல்லிகை காய்ந்தால் பழுப்பாகிவிடும், செம்பருத்தி தாளோடு ஒட்டிக்கொள்ளும். காகிதப்பூ இயல்பிலேயே தாள்போல இருப்பதால் எளிது. வெயில் ஏறி, பனி காய்ந்தபின் பறியுங்கள். நடுவிலுள்ள குட்டிப் பூவைக் கிள்ளிவிட்டு இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்து, பழைய செய்தித்தாளுக்குள் ஒன்றோடொன்று தொடாமல் பரப்புங்கள். வெள்ளை இதழில் அச்சு மை படாமலிருக்க மேலும் கீழும் டிஷ்யூ தாள். மேலே கனமான புத்தகங்கள்.

எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான்: மறுநாளே தாளை மாற்ற வேண்டும். முதல் நாளில்தான் பூ அதிக ஈரம் விடும். அதைக் குடித்த தாளையே அப்படியே விட்டால், மார்கழிக் குளிரில் அது காயாது, கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பூக்கும். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒரு வாரத்தில் தயாராகிவிடும். காய்ந்ததா என்று பார்க்க, இதழின் ஓரத்தைப் பிடித்துக் கிடையாகத் தூக்குங்கள். தொங்கினால் ஈரம் இருக்கிறது. விறைப்பாக நின்றால் சரி. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தாலும் இன்னும் காயவில்லை என்றே அர்த்தம். அவசரம் என்றால் தாளுக்கு நடுவில் வைத்து, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரி போடலாம். எனக்கு அது பிடிக்காது, வெள்ளை மஞ்சளித்துவிடுகிறது.

அடுத்து அச்சு. நடுத்தர உருளைக்கிழங்கை அகலமான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டினால் முகம் மேடுபள்ளமாகி, பானையில் ஓட்டை விழும். பால்பாயின்ட் பேனாவால் பானை வரைந்து, கோட்டுக்கு வெளியே அரை செ.மீ. ஆழத்துக்குச் செதுக்கி எடுங்கள். எழுத்து செதுக்கும் ஆசை வேண்டாம். அச்சில் எல்லாம் இடவலம் மாறும், ‘பொங்கல்’ என்ற சொல்லில் கொம்பும் காலும் படுத்தும் பாடு போதும். பானைக்கு அந்தத் தொல்லையில்லை. வாழ்த்தைக் கையால் எழுதிக்கொள்ளலாம்.

செதுக்கிய முகத்தைப் பழந்துணியில் கவிழ்த்துக் கால் மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் கிழங்குத் தண்ணீர் சாயத்தில் கலந்து, அச்சு நடுவில் வெளுத்து ஓரத்தில் கசியும். தண்ணீர் சேர்க்காத போஸ்டர் கலரை ஸ்பாஞ்சால் ஒற்றித் தடவுங்கள், கிழங்கைச் சாயத்தில் முக்காதீர்கள். முதல் அச்சு பழைய தாளில், இரண்டாவது அட்டையில்.

துணிக்குத் தையல்காரரிடம் கேட்டால் ரவிக்கைத் துண்டு கிடைக்கும். பருத்திதான் நல்லது. பட்டில் பசை ஊறித் தெரியும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்தபின் வெட்டினால் ஓரம் பிரியாது. ஃபெவிகாலை மெல்லிசாகப் பூசி, பானைக்குக் கீழே ஒட்டுங்கள்.

கடைசியில் பானை வாயில் இதழ்கள். பல்குத்தும் குச்சியால் இரண்டு மூன்று புள்ளி ஃபெவிகால் மட்டும் போதும். முழுக்கப் பூசினால் காய்ந்த பூ மறுபடி நனைந்து பழுக்கும். அட்டையை ஒரு நாள் திறந்தபடியே உலரவிட்டு, பூவின்மேல் பட்டர் பேப்பர் வைத்து உறையில் போடுங்கள். பூப்பக்கம் உறையின் பின்புறம் பார்த்திருக்கட்டும். முத்திரை அடி முன்புறம் வலது மேல் மூலையில் விழும்.

பிற்சேர்க்கை: மெல்பர்னில் இருக்கும் தங்கைக்கு அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் பூ வைத்து அனுப்பாதீர்கள். காய்ந்த பூவானாலும் தாவரப் பொருள் என்று தபாலிலேயே பிடித்து வைத்துவிட வாய்ப்புண்டு. அந்த அட்டைக்கு மட்டும் வெள்ளை மல்துணியை இதழ்போல் வெட்டி ஒட்டுங்கள், நுரை நன்றாகவே வருகிறது.