காதலி வீட்டில் முதல் சாப்பாடா? முதலில் குறைவாக வாங்குங்கள்

வேலூர்ப் பக்கத்துப் பல வீடுகளில் முதலில் வைக்கும் சோறு கணக்கிலேயே வராது, மறுசோறு போடுவதுதான் உபசாரம். அதனால் முதலில் ஒரு கரண்டி சோறும் கொஞ்சம் குழம்பும் போதும். வயிறு நிரம்பியபின் இலையைக் கையால் மறைத்தால், சமையல் பிடிக்கவில்லை என்றுதான் அவள் அம்மா நினைப்பார். ரசத்துக்கு இடம் விட்டு, அதை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

நடுவில் அப்பா, "குடியாத்தமா? ஊருல எந்தத் தெரு?" என்பார். பெரும்பாலும் சாதியை அறியத்தான் இந்தச் சுற்றுவழி. மழுப்பினால் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையாக வரும். தெருப் பெயரை மட்டும் நேராகச் சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்டால் எவ்வளவு சொல்வது என்பதைக் காதலியோடு முந்தின நாளே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தீர்களோ, அப்பா அதைத்தான் முதலில் கவனிப்பார்.