நண்பர்களுக்கு முன்னால் கேட்பது எப்படி? ஏழு வரி, ஒரு கேள்வி, ‘இப்ப வேண்டாம்’ என்றால் மூன்று வரி

போன மாதம் எங்கள் வெள்ளவத்தை அறையில் இருக்கும் தம்பி ஒருவன் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலி முகத்திடலில், கூட்டாளிமார் எட்டுப் பேருக்கு முன்னால், தான் விரும்பும் பெண்ணிடம் கலியாணத்தைப் பற்றிக் கேட்கப் போகிறானாம். “இதை ஒருக்காத் திருத்தித் தாங்கோ அண்ணா” என்றான். வாசித்தால் முதல் பக்கம் முழுக்க அவன் தவித்த கதை. அவள் வருவதே இரண்டாம் பக்கத்தில்தான், அதுவும் கடைசி வரியில்: “என்னைக் கலியாணம் கட்ட உமக்குச் சம்மதமா, வீட்டில எப்ப கதைப்பம்?” அன்றிரவு இருவரும் இருந்து அதை எப்படி வெட்டினோமோ அதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

(நான் ‘புரொபோசல்’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன். எங்களுடைய ஆட்களிடம் அதற்குத் தரகர் கொண்டுவரும் சம்பந்தம் என்றுதான் அர்த்தம். அம்மாமார் காதில் விழுந்தால் உடனே குறிப்பைக் கேட்பார்கள்.)

படி 1: தெரியாததைச் சபையில் கேட்காதீர்கள்

உங்களோடு வாழும் எண்ணம் அவளுக்கு இருக்கிறதா என்பது முதல்முறையாக நண்பர்களுக்கு முன்னால் தெரியவரக் கூடாது. அது தனியே, ஏதோ ஒரு சாதாரண நாளில், முன்பே கதைத்து முடித்த விஷயமாக இருக்க வேண்டும். சபையில் மிச்சமிருப்பது கேட்கும் அழகு மட்டும்தான். இப்படி நாலுபேர் முன்னால் கேட்பது அவளுக்குப் பிடிக்குமா என்பதையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். வேறு யாரோ இப்படிக் கேட்ட வீடியோவைக் காட்டி அவள் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். “ஐயோ பாவம் அந்தப் பிள்ளை” என்று சொன்னாளானால் இதற்குமேல் வாசிக்காதீர்கள், தனியாகப் போய்க் கேளுங்கள்.

அப்புறம், அவள் முன்பு சொன்னவற்றை நினைவுபடுத்திப் பாருங்கள். “அவள் எப்பவாவது தடை ஏதும் சொன்னவளா?” என்று தம்பியிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, அக்காவின் கலியாணம் முடியாமல் வீட்டில் வாய் திறக்க முடியாது என்று ஆறு மாதத்துக்கு முன் சொன்னவள் என்றான். அக்காவுக்கு முடிந்துவிட்டதா? இல்லையாம். அப்படியானால் “எப்ப கதைப்பம்” என்பதற்கு அவளிடம் விடையே கிடையாது. விடை இல்லாத கேள்வியோடு எட்டுப் பேர் பார்க்க ஒரு பெண்ணை நிற்கவைக்கக் கூடாது. அந்தப் பாதியை அங்கேயே வெட்டினோம்.

படி 2: கேள்வியை முதலில் எழுதுங்கள்

எல்லோரும் தொடக்கத்தில் இருந்து எழுதுகிறார்கள். நீங்கள் கடைசி வரியை முதலில் எழுதுங்கள், ஏனென்றால் மற்ற வரிகளெல்லாம் அதற்கு வழிவிடத்தான். ‘சம்மதமா’ என்றால் பேச்சு வீட்டுக்குப் போய்விடும், தாய் தகப்பன் சொல்லவேண்டிய பதில் அது. ‘கலியாணம் கட்டுவீரா’ என்றாலும் திகதி, மண்டபம், சீதனம் எல்லாம் பின்னாலேயே வரும். ‘விருப்பமா’ என்பது அவளை மட்டும் கேட்கிறது, அவள் நின்ற இடத்திலேயே விடை சொல்லக்கூடியது. விருப்பம் இருக்கிறது, ஆனால் இப்போது இல்லை என்று அவள் இரண்டையும் பிரித்துச் சொல்லவும் அதில் இடம் இருக்கிறது. சம்மதமா என்று கேட்டுவிட்டால் அந்த இடம் இல்லை, ஆமோ இல்லையோதான்.

தம்பியின் கேள்வி கடைசியில் இப்படி ஆனது: “உமக்கு என்னோட வாழ விருப்பமா?” நாலே சொல்.

படி 3: நீயா, நீரா, நீங்களா?

சின்ன விஷயம்போல இருக்கும், ஆனால் வாய் தடுமாறுவது இதில்தான். தனியே இருக்கும்போது எதைச் சொல்வீர்களோ அதையே சொல்லுங்கள். தம்பி வழமையாக ‘நீர்’ என்பவன், பேப்பரில் மட்டும் மரியாதைக்கு ‘நீங்கள்’ என்று எழுதியிருந்தான். அதை அப்படியே சொல்லியிருந்தால் கூட்டாளிமார் சிரித்திருப்பார்கள், அவளும் யாரோ வங்கி அலுவலர் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்திருப்பாள். வீட்டில் நீ என்பவர்கள் சபைக்கு முன் நீர் என்று ஒரு படி ஏற்றுவது மட்டும் காதில் உறுத்தாது.

அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் சிங்களவர். அவர்களுக்கும் விளங்க வேண்டுமே என்று இடையில் ஆங்கிலம் கலக்கப் பார்த்தான். வேண்டாம் என்றேன். கேள்வி அவளுக்கு, மற்றவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவன் பிறகு சொல்லிவிடுவான்.

படி 4: ஒரேயொரு சம்பவம்

மூன்று வருடக் கதை வேண்டாம். அவள் செய்த ஒரு காரியம், கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று, போதும். “நீர் என்ட உலகம்” என்பதை யாரும் யாருக்கும் சொல்லலாம். தம்பியிடம் தோண்டித் தோண்டிக் கேட்டதில் தேத்தண்ணி வந்தது. முழுதாக இதுதான்:

“உம்மட்ட ஒண்டு கேக்கப் போறன். இவையளும் நிக்கட்டும், எங்கள் ரெண்டு பேரையும் தெரிஞ்ச ஆக்கள்தானே. போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில இருந்த நேரம் நீர் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணியோட வந்தீர். ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லை, ஊத்தித் தந்திட்டுப் பக்கத்தில இருந்தீர். அப்பதான் எனக்கு விளங்கினது, என்ட மிச்சக் காலம் உம்மோடதான் எண்டு. மறுமொழி இப்பவே சொல்லோணும் எண்டில்லை. உமக்கு என்னோட வாழ விருப்பமா?”

அவ்வளவுதான். ஆறுதலாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ‘மறுமொழி இப்பவே சொல்லோணும் எண்டில்லை’ என்ற வரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதலில் அதைக் கேள்விக்குப் பின்னால் போட்டிருந்தோம். சொல்லிப் பார்த்தபோது, கேள்வியைக் கேட்டுவிட்டு அவனே அதைத் திருப்பி வாங்குவதுபோல இருந்தது. முன்னால் வந்ததும் சரியாகிவிட்டது. கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும், இது எழுதுவதைவிடக் கஷ்டம். அந்த மௌனத்தில்தான் ஆட்கள் பயந்துபோய் “சும்மா கேட்டனான்” என்று உளறுகிறார்கள்.

பாடமாக்க வேண்டாம். பாடமாக்கினால் ஒரு சொல் தவறியதும் எல்லாம் போய்விடும். ‘தேத்தண்ணி, மிச்சக் காலம், இப்பவே இல்லை, விருப்பமா’ என்று நாலு ஆணி மட்டும் மனதில் இருக்கட்டும்.

படி 5: காற்றும் ஆட்களும்

காலி முகத்திடல் நடைபாதை 1859 இல் முடிந்தது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி, கட்டுவித்த ஆளுநர் ஹென்றி வார்ட்டின் கல் சொல்கிறது. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் பட்டமும் கையுமாக உங்கள் காலுக்குள்ளால் ஓடுவார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடற்காற்று குரலை அள்ளிக்கொண்டு போகும். உங்கள் முதுகு கடலுக்கு இருக்கட்டும், அப்போது காற்றே குரலை அவளிடம் கொண்டுபோகும். சூரியன் ஏறக்குறைய 6.30 க்குள் இறங்கிவிடும் என்பதால் ஆறு மணிக்கு முன்பே நின்றுகொள்ளுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் கேட்பதானால் ரயில் வரும் நேரத்தைப் பாருங்கள், ‘விருப்பமா’ என்ற இடத்தில் ரயில் வந்தால் மறுபடி கேட்க வேண்டிவரும்.

முழங்காலில் இருக்க வேண்டாம் என்பது என் கட்சி. ‘ஓம்’ என்றால் எழும்புவது அழகாக இருக்கும், ‘இப்ப வேண்டாம்’ என்றால் முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு எழும்ப வேண்டும். நின்றே கேளுங்கள், மோதிரம் பொக்கற்றுக்குள் இருக்கட்டும்.

நண்பர்களிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். அவள் ‘ஓம்’ என்று வாயால் சொல்லும்வரை ஒருவரும் கை தட்டக் கூடாது, போனைத் தூக்கவும் கூடாது. பாதிப் பெண்கள் அந்தக் கைதட்டலுக்குப் பயந்துதான் தலையாட்டுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். இன்னொன்று, கேட்டு முடிந்ததும் எல்லோரையும் நகர்த்த ஒருவர் வேண்டும். அன்றைக்கு அது நான். இறால் வடைத் தட்டுகளோடு நின்றேன்.

படி 6: ‘இப்ப வேண்டாம்’ என்று வந்தால்

இதையும் எழுதிவைத்துத்தான் போக வேண்டும், அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. மூன்று வரி. முதல் இரண்டும் அவளுக்கு, மூன்றாவது நண்பர்களுக்கு.

“சரி, எனக்கு விளங்குது.”
“நீர் உண்மையைச் சொன்னீர், அது காணும்.”
“வாங்கோ, வடை ஆறமுதல் சாப்பிடுவம்.”

‘ஏன்?’ என்று கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ‘பரவாயில்லை’யையும் நாங்கள் வெட்டினோம், அதைக் கேட்டால் அவள் ஏதோ பிழை செய்ததுபோலவும் அவன் மன்னித்துவிட்டதுபோலவும் இருக்கும். ‘நான் காத்திருப்பன்’ என்பது கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் எட்டுச் சாட்சி வைத்து அவள் தலையில் ஒரு கடனை ஏற்றுகிறீர்கள். காத்திருப்பதானால் காத்திருங்கள், சபையில் அறிவிக்க வேண்டாம்.

அவள் சொன்னது ‘இப்ப இல்லை’யா, ‘இல்லை’யா என்று அங்கேயே பிரித்துப் பார்க்க முயலாதீர்கள். எங்கள் தமிழில் ‘பார்ப்பம்’ என்பது பல நேரம் இல்லைதான். காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றால் அது பெரும்பாலும் இப்ப இல்லை. அன்றிரவு “வீட்ட போய்ச் சேர்ந்தீரா?” என்று ஒரு மெசேஜ் போதும், மிச்சம் இரண்டொரு நாள் கழித்துத் தனியே. கேட்கப்படுபவர் இதை வாசித்தால் உங்களுக்கும் ஒன்று: விருப்பம் இருந்தால் அதை முதலில் சொல்லிவிட்டு ‘இப்ப வேண்டாம்’ என்று சொல்லுங்கள், விருப்பமே இல்லையென்றால் ‘பார்ப்பம்’ சொல்லாதீர்கள்.

ஞாயிறு நடந்தது இதுதான். தம்பி ‘தேத்தண்ணி’ வரை நன்றாகச் சொன்னான், ‘மிச்சக் காலம்’ கொஞ்சம் நடுங்கியது. கேள்வி முடிந்ததும் அவள் கடலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “விருப்பம்தான். ஆனா அக்காவின்ட முடியட்டும், இப்ப வேண்டாம்” என்றாள். யாரும் கை தட்டவில்லை. அவன் முதல் வரியைச் சொன்னான், இரண்டாவதை மறந்துவிட்டான், நேரே வடைக்குப் போய்விட்டான். அது பிசகாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவள்தான் முதலில் கையை நீட்டித் தட்டை வாங்கினாள்.

திரும்பி வரும்போது 100 ஆம் இலக்க பஸ்ஸில், பம்பலப்பிட்டி தாண்டியதும், “மோதிரமும் வேண்டிட்டீரோ?” என்று கேட்டிருக்கிறாள். எடுத்துக் காட்டினானாம். போட்டுப் பார்த்தால் பெரிசு. இப்போது அது செட்டியார் தெருக் கடையில் சிறிதாக்கக் கொடுத்திருக்கிறது, துண்டு அவளுடைய கைப்பையில்.