யுனெஸ்கோ பட்டியல் விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு

ஸ்ரீரங்கம் கோவில் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிடுச்சுன்னு ஒரு ஃபார்வர்டு அப்பப்ப சுத்தும், நம்பாதீங்க. 2017ல யுனெஸ்கோ கொடுத்தது புனரமைப்பு வேலைய நல்லா பண்ணதுக்கான ஆசிய பசிபிக் விருது, அது வேற, பட்டியல் வேற. 2014ல தற்காலிகப் பட்டியல்ல பேரு ஏறுச்சு, செட்டிநாட்டு ஊர்களும் அதே வருஷம்தான், ஆனா அது ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி, கன்ஃபர்ம் ஆன டிக்கெட் இல்ல.

இன்னொண்ணு, யுனெஸ்கோவுக்கே பெட்டிஷன் போடக் கிளம்புறது. அவங்களா தேடி வந்து எதையும் எடுக்க மாட்டாங்க, உலகப் பாரம்பரியத்தப் பாதுகாக்க 1972ல போட்ட ஒப்பந்தத்துல சேந்த நாட்டோட அரசாங்கம்தான் பரிந்துரை பண்ணணும். தற்காலிகப் பட்டியல்ல குறைஞ்சது ஒரு வருஷமாவது இருந்திருக்கணும், அப்புறம் ஃபைல் போகணும், நினைவுச்சின்னங்களுக்கான சர்வதேச அமைப்பான இகோமாஸோட நிபுணர்கள் வந்து பாத்து ரிப்போர்ட் கொடுப்பாங்க, கடைசியில முடிவு எடுக்கிறது 21 நாடுங்க இருக்கிற கமிட்டி. இப்ப ஒரு நாடு வருஷத்துக்கு ஒண்ணுதான் அனுப்ப முடியும், அதனால முதல் போட்டி இந்தியாவுக்குள்ளயே நடக்குது, பெட்டிஷன் போடணும்னா டெல்லிக்குப் போடுங்க.

ஆயிரம் வருஷம் பழசு, இது போதாதான்னு கேக்கிறவங்களுக்கு: போதாது. சிட்னி ஓபரா ஹவுஸ் திறந்ததே 1973ல, 2007ல பட்டியல்ல வந்துடுச்சு. 10 அளவுகோல்ல ஒண்ணாவது பொருந்தணும், உலகத்துல இதே வகையில இருக்கிற மத்த இடங்களோட ஒப்பிட்டு இது ஏன் தனின்னு காட்டணும், எல்லையும் சுத்தி பாதுகாப்பு வளையமும் மேப்ல போட்டு யாரு பராமரிப்பாங்க, எந்தச் சட்டம் காப்பாத்தும்னு எழுதணும். நிறைய ஃபைல் இந்தப் பின்பாதியிலதான் மாட்டும், கல்வெட்டு பத்தி நூறு பக்கம் இருக்கும், பக்கத்துல வர்ற லாட்ஜ தடுக்கிறது யாருன்னு ஒரு வரி இருக்காது.

பட்டியல்ல வந்துட்டா இனி யாரும் கை வைக்க முடியாதுன்னு நினைக்கிறதுதான் பெரிய தப்பு. ஜெர்மனில டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு 2004ல ஏறுச்சு. ஆத்துக்கு குறுக்க நாலு வழிப் பாலம் வேணுமான்னு அடுத்த வருஷம் ஊர்ல ஓட்டெடுப்பு வச்சாங்க, ஜனங்க வேணும்னுட்டாங்க. பள்ளத்தாக்கோட காட்சியே கெட்டுடும்னு கமிட்டி 2006ல ஆபத்துல இருக்கிற சின்னங்களுக்கான ஆபத்துப் பட்டியல்ல போட்டுச்சு, பாலத்துக்குப் பதிலா சுரங்கப்பாதை போடலாமேன்னு பேச்சு வந்துச்சு, எடுபடல. 2009ல பட்டியல்லேர்ந்தே தூக்கிட்டாங்க, 2013ல பாலம் திறந்துடுச்சு. யுனெஸ்கோவால முடிஞ்சது அவ்ளோதான், ஸ்டே ஆர்டர் போட அதுக்கு அதிகாரம் கிடையாது, இடமும் அவங்க கைக்குப் போகாது, உள்ளூர் சட்டம்தான் செல்லும்.

ஆனா அழுத்தம் சில இடத்துல வேலை செய்யும். ஹம்பில துங்கபத்திரா மேல பாலம் கட்டப் போனதால 1999ல ஆபத்துப் பட்டியல்ல போட்டாங்க, அதுக்கப்புறம்தான் மொத்த வட்டாரத்துக்கும் பராமரிப்புத் திட்டம்னு ஒண்ணு சூடு பிடிச்சுது, 2006ல ஆபத்துப் பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க.