டனல் UP, ஆனால் பில் திறக்கவில்லை: சைட்-டு-சைட் விபிஎன்னில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், மணலி பக்கம் கிளியரிங் ஆபீஸ், கிடங்கு வைத்திருப்பவர்கள் பில்லிங் சர்வரை கிளவுடுக்கு மாற்றினால், ஆபீஸ் நெட்வொர்க்கையும் கிளவுட் நெட்வொர்க்கையும் இணையத்தின் வழியே என்கிரிப்ட் ஆகி ஓடும் ஒரு ஐபிசெக் டனலால் இணைக்க வேண்டியிருக்கும். ஃபயர்வால் திரையில் UP என்று பச்சையாக வந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவதுதான் நான் பார்க்கும் முதல் தவறு. இரண்டு கேட்வேயும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சாவி மாற்றிக்கொண்டன என்பதுதான் அந்த UP-க்குப் பொருள். ஆபீஸ் மேசையிலிருந்து கிளம்பும் பாக்கெட் சர்வருக்குப் போகிறதா, பதில் திரும்புகிறதா, பெரிய பாக்கெட் முழுசாகக் கடக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது.

ஒரு அமைப்பை வைத்துப் பார்ப்போம். தண்டையார்பேட்டை ஆபீஸின் முகவரி வரிசை 192.168.10.0/24. மணலி கிடங்கு 192.168.20.0/24, அது தனி லிங்க் மூலம் ஆபீஸ் ஃபயர்வாலுக்கு வருகிறது. கிளவுட், அமேசான் நடத்தும் ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனில் 10.20.0.0/16. பில்லிங் சர்வர் 10.20.1.15. இந்த மூன்று வரிசையும் ஒன்றோடொன்று மோதக் கூடாது. மோதினால் பதில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ரவுட்டிங்குக்குத் தெரியாது. இதை டனல் போடுவதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும், பிறகு மாற்றுவது பெரிய வேலை.

டனல் ஏறிவிட்டது, பிங்கும் போகிறது. ஆனால் பில் போடுபவர் சொல்வார்: “சார், லாகின் ஆகுது, பில் லிஸ்ட்டைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்குது.” இது கிட்டத்தட்ட எப்போதுமே பாக்கெட் அளவுப் பிரச்சினை. விண்டோஸ் பிங் சாதாரணமாக 32 பைட்தான் அனுப்பும், லாகினும் சின்ன சமாச்சாரம். பில் லிஸ்ட் வரும்போதுதான் சர்வர் 1500 பைட் அளவுக்கு முழுப் பாக்கெட்டாக அனுப்பும். ஐபிசெக் அதன்மேல் தன் உறையைச் சுற்றினால் 1500-ஐத் தாண்டிவிடும். பாக்கெட் வழியில் விழும், திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் இன்னொன்றும் உண்டு. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு டயல் ஆகும் பிபிபிஓஇ இணைப்பாக இருந்தால் அதுவே 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. ஃபயர்வாலுக்கு முன்னால் இணைய நிறுவனத்தின் ரவுட்டர் இருந்து முகவரியை மாற்றி நேட் செய்தால், டனல் யுடிபி 4500 வழியாகப் போகும், அதற்கு இன்னும் 8 பைட். “வழியில் இடம் போதவில்லை, சின்னதாக அனுப்பு” என்று சர்வருக்குச் சொல்லும் ஏற்பாட்டை ஏடபிள்யூஎஸ்ஸின் சைட்-டு-சைட் விபிஎன் ஆதரிப்பதில்லை. ஆகவே தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

அளந்துதான் பார்க்க வேண்டும். ஆபீஸில் ஒரு விண்டோஸ் கணினியில், பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற கட்டளையோடு பிங் செய்யுங்கள்:

```
ping -f -l 1402 10.20.1.15
ping -f -l 1403 10.20.1.15
```

பிபிபிஓஇ, நேட் இரண்டும் உள்ள இணைப்பில், என்கிரிப்ஷன் ஏஇஎஸ்-ஜிசிஎம்மாக இருந்தால், கணக்குப்படி 1402 போகும், 1403 போகாது. வேறு என்கிரிப்ஷனில் எண் மாறும். கூட்டிக் குறைத்து, போகும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதனோடு பிங் தலைப்புக்கான 28-ஐக் கூட்டினால் 1430, டனலுக்குள் போகக்கூடிய முழு அளவு. அதிலிருந்து டிசிபி, ஐபி தலைப்புகளுக்கு 40 கழித்தால் 1390, இதுதான் எம்எஸ்எஸ், அதாவது ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏற்றக்கூடிய தரவின் உச்ச அளவு. சுருக்கமாக, பிங்கில் கிடைத்த எண்ணிலிருந்து 12 கழித்தால் போதும்.

இந்த அளவை ஃபயர்வாலில் போடுங்கள். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து, பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூவைக் குறைப்பது வீண் வேலை, அடுத்த மாதம் புதுக் கணினி வந்ததும் பழைய கதைதான். டிசிபி இணைப்பு தொடங்கும்போது இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும் எம்எஸ்எஸ்ஸை ஃபயர்வால் நடுவில் திருத்திவிட்டால், சர்வரும் சின்னதாகவே அனுப்பும். நான் கொஞ்சம் இடம் விட்டு 1350 போடுவேன். வேகத்தில் வித்தியாசம் தெரியாது. லினக்ஸ் கேட்வே என்றால்:

```
iptables -t mangle -A FORWARD -d 10.20.0.0/16 -p tcp \
  --tcp-flags SYN,RST SYN -j TCPMSS --set-mss 1350
iptables -t mangle -A FORWARD -s 10.20.0.0/16 -p tcp \
  --tcp-flags SYN,RST SYN -j TCPMSS --set-mss 1350
```

அப்புறம் ஆட்களை ரொம்பவே அலைக்கழிக்கும் தவறு ஒன்று. ஆபீஸ் நன்றாக ஓடுகிறது. மணலியில் ஒருவர் சர்வரைத் திறந்ததும் தண்டையார்பேட்டை அறுந்துபோகிறது. கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் திரும்ப வருகிறது, மணலி போய்விடுகிறது. எல்லாரும் இணைய நிறுவனத்துக்குப் போன் போடுவார்கள், அவர்கள் மேல் தவறே இருக்காது. ஃபயர்வாலில் பாலிசி முறையில் டனல் போட்டு, ஆபீஸ் வரிசைக்கு ஒன்று, மணலி வரிசைக்கு ஒன்று என இரண்டு பாலிசி எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு ஜோடி செக்யூரிட்டி அசோசியேஷன், அதாவது போக ஒன்று, வர ஒன்று என என்கிரிப்ஷன் ஒப்பந்தம், கேட்கும். ஏடபிள்யூஎஸ்ஸோ ஒரு டனலுக்கு ஒரு ஜோடிதான் வைத்திருக்கும். புதிது வந்தால் பழையது போகும்.

ரவுட் அடிப்படையிலான டனலுக்கு மாறுவதே நல்லது. டனலின் இரு பக்கமும் 0.0.0.0/0 என்று வைத்துவிட்டு, எது டனலுக்குள் போக வேண்டும் என்பதை ரவுட்டும், யாருக்கு எந்த போர்ட் என்பதை ஃபயர்வால் விதியும் முடிவு செய்யட்டும். அந்த வசதி இல்லாத பழைய ஃபயர்வாலாக இருந்தால், இரண்டு வரிசையையும் அடக்கும் 192.168.0.0/19 மாதிரி ஒரே பெரிய வரிசையாக ஒரே பாலிசி எழுதுங்கள்.

பிங்கே போகவில்லை என்றால் எந்தப் பக்கம் தவறு என்று தெரிய, ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்பு வசதியான கிளவுட்வாட்ச்சில் TunnelDataIn, TunnelDataOut இரண்டையும் பாருங்கள். தொடர்ந்து பிங் போட்டும் TunnelDataIn நகரவில்லை என்றால் பாக்கெட் ஆபீஸைவிட்டு டனலுக்குள்ளேயே வரவில்லை. பெரும்பாலும், இணையத்துக்காகப் போட்ட நேட் விதி டனல் பாக்கெட்டையும் பிடித்து வெளியே தள்ளியிருக்கும். 10.20.0.0/16-க்கு நேட் வேண்டாம் என்ற விதி அதற்கு மேலே இருக்க வேண்டும். In ஏறி Out அசையவில்லை என்றால் கிளவுட் பக்கம் பாருங்கள்: சர்வர் இருக்கும் சப்நெட்டின் ரவுட் டேபிளில் 192.168.10.0/24-க்கு வழி இருக்கிறதா, செக்யூரிட்டி குரூப் அந்த முகவரியை அனுமதிக்கிறதா என்று. மணலி வரிசையை இரண்டிலும் சேர்க்க மறந்துவிடுவார்கள்.

ஒரு இணைப்புக்கு ஏடபிள்யூஎஸ் இரண்டு டனல் தருகிறது. பலர் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு இன்னொன்றை DOWN என்றே விட்டுவிடுகிறார்கள். பராமரிப்புக்காக ஏடபிள்யூஎஸ் ஒரு டனலை இறக்கும்போது அடுத்ததில் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் போடுங்கள், ஃபயர்வாலில் இரண்டும் ஒரே ஜோனில் இருக்கட்டும். நீங்கள் முதல் டனலில் அனுப்பியதற்குப் பதில் இரண்டாவதில் வரக்கூடும். ஜோன் வேறாக இருந்தால் சில ஃபயர்வால்கள் அந்தப் பதிலைத் தூக்கி எறிந்துவிடும். ஆபீஸ் மூடிய ஒரு மாலையில் பில் லிஸ்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் டனலை நீங்களே இறக்கிப் பாருங்கள். சிறிது நேரத்துக்குள் லிஸ்ட் திரும்ப நகர வேண்டும். பிறகு முதலாவதை ஏற்றிவிட்டு, இரண்டாவதை இறக்கி அதே சோதனையை மணலி கணினியிலிருந்தும் செய்யுங்கள்.