நோ காஸ்ட் இஎம்ஐ: 5,000 ரூபாய்த் தவணை 5,304 ஆனது எப்படி?

என் தங்கை போன தீபாவளிக்கு ஒரு போன் வாங்கினாள். விலை 30,000 ரூபாய். கிரெடிட் கார்டில் ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் 5,000 என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஸ்டேட்மென்ட் வந்ததும் போன் செய்தாள். "அண்ணா, 5,304 போட்டிருக்கான். வட்டியே இல்லைன்னுதானே சொன்னாங்க?"

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் வட்டி இல்லை என்று அவள் புரிந்துகொண்டதுதான் தவறு. நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி உண்டு. வங்கி வட்டி வாங்காமல் கடன் தருவதில்லை. அந்த வட்டித் தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாக முன்கூட்டியே கழித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அவளுடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். வங்கியின் வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம். ஆறு மாதம், மாதம் 5,000 கட்டினால் அடைபடக்கூடிய கடன் 28,648 ரூபாய்தான். அதனால் போன் விலையில் 1,352 ரூபாயைத் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, மீதி 28,648ஐ வங்கி கடனாகப் போடுகிறது. ஆறு மாதத்தில் அதற்கு வரும் வட்டி அதே 1,352. கழித்ததும் ஏறியதும் சமம், எனவே மொத்தம் 30,000. இதுவரை கடை சொன்னது சரி.

அப்புறம்தான் ஜிஎஸ்டி வருகிறது. சாதாரணக் கடனுக்கு நாம் கட்டும் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. வீட்டுக் கடனிலும் நகைக் கடனிலும் வட்டிக்கு வரி போடுவதில்லை என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அந்த விலக்கு கிரெடிட் கார்டு வட்டிக்குப் பொருந்தாது என்று ஜிஎஸ்டி அறிவிக்கையிலேயே இருக்கிறது. கார்டு வட்டிக்கு 18 சதவீத வரி. கடை தந்த தள்ளுபடி வட்டிக்கு மட்டும்தான் ஈடு. வட்டியின் மேல் விழும் வரியை யாரும் ஈடு செய்வதில்லை, அது நம் தலையில்தான் விழும்.

தங்கையின் முதல் மாதத் தவணையில் வட்டி 382 ரூபாய், அதற்கு வரி 69. பிராசஸிங் கட்டணம் 199, அதற்கும் 18 சதவீத வரி சேர்த்து 235. ஆக 5,000 + 69 + 235 = 5,304. இரண்டாம் மாதம் கட்டணம் இல்லை, அசலும் குறைந்திருக்கும், எனவே 5,058. இப்படியே இறங்கிக் கடைசித் தவணை 5,012இல் முடியும். ஆறு மாதத்துக்கும் வட்டி மீதான வரி மட்டும் 243 ரூபாய். கட்டணமும் சேர்த்தால் 478. போனின் விலையோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகைதான். ஆனால் கடையில் ஒருவரும் இதை அவளிடம் சொல்லவில்லை. என் வருத்தம் அதில்தான்.

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறு, எல்லா இஎம்ஐயும் ஒன்று என்று நினைப்பது. கடையில் நிதி நிறுவனத்தின் மூலம் போடும் தவணையும், டெபிட் கார்டு இஎம்ஐயும் கடன் கணக்கு. அங்கே வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை, பிராசஸிங் கட்டணத்துக்கு மட்டும் உண்டு. எந்தக் கட்டணமும் இல்லாமல் அப்படிக் கிடைத்தால், வரியைப் பொறுத்தவரை அதுதான் லாபம். ஆனால் கட்டணம் எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டணம் பெரிதாக இருந்தால், மிச்சமான வரியை அதுவே தின்றுவிடும்.

வரியைவிடப் பெரிய இழப்பு ஒன்று ஸ்டேட்மென்டில் வராது. அதே நாளில், அதே கடையில், அதே கார்டில் மொத்தப் பணமும் கட்டுபவருக்கு 1,500 ரூபாய் தள்ளுபடி இருந்தது. நோ காஸ்ட் இஎம்ஐ எடுத்தால் அது கிடையாது. தங்கை அதைப் பார்க்கவே இல்லை. அவள் கண்ணில் பட்டது 30,000 என்ற விலையும் 5,000 என்ற தவணையும்தான்.

இப்போது உண்மைக் கணக்கு வேறு. மொத்தமாகக் கட்டியிருந்தால் போன் 28,500. தவணையில் வாங்கியதால் 30,478. வித்தியாசம் 1,978 ரூபாய். 28,500ஐ ஆறு மாதத்துக்குக் கடன் வாங்க 1,978 கொடுத்திருக்கிறாள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுத்தால், இது ஆண்டுக்கு ஏறக்குறைய 24 சதவீத வட்டிக்குச் சமம். நோ காஸ்ட் என்ற பெயரில் வந்த கடன், வங்கியே வெளிப்படையாகச் சொல்லும் 16 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. அந்த 1,500 தள்ளுபடி இல்லாத நாளாக இருந்திருந்தால் செலவு வெறும் 478தான். ஆகவே நோ காஸ்ட் இஎம்ஐ எப்போதும் நஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் கையில் பணம் இல்லாதபோது, வேறு தள்ளுபடியும் இல்லாதபோது, இதைவிட மலிவாகக் கடன் கிடைப்பது அரிது.

எனவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "மாசம் எவ்வளவு?" என்பது அல்ல. "இதையே மொத்தமா கட்டினா கடைசியா என்ன விலைக்குத் தருவீங்க?" என்று கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால், பணம் கட்டும் பக்கத்தில் முதலில் முழுத் தொகை என்பதைத் தேர்ந்தெடுத்து இறுதித் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இஎம்ஐயைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முன்பு தெரிந்த வங்கிச் சலுகை அப்போது காணாமல் போனால், அதுதான் நீங்கள் இழக்கும் தொகை.

ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று வங்கிகளுக்கு எழுதியது. வட்டியைப் பிராசஸிங் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்குவதை அப்போதே கண்டித்தது. 2022இல் வந்த கார்டு விதிகள் இன்னும் தெளிவு. இஎம்ஐயாக மாற்றும் முன்பே அசல், வட்டி, வட்டிக்கு ஈடாகத் தரப்படும் தள்ளுபடி மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும், பில்லிலும் காட்ட வேண்டும். வட்டி உள்ள இஎம்ஐயை நோ காஸ்ட் என்று மறைத்து விற்கக் கூடாது. ஆகவே வங்கியிடம் இந்த விவரத்தைக் கேட்பது நம் உரிமை. அந்த மூன்று எண்களில் வட்டியும் தள்ளுபடியும் சமமாக இல்லையென்றால், அது நோ காஸ்ட் இல்லை.

தள்ளுபடி உடனே கழியாமல், பிறகு கேஷ்பேக்காக வரும் என்று சொல்வதும் உண்டு. அப்போது கடன் முழு 30,000க்கும் விழும், தவணை 5,236 ஆகும், வரியும் 255 ஆகும். கேஷ்பேக் எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். கடை பணத்தைத் திருப்பியதும் இஎம்ஐ தானாக நின்றுவிடும் என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள். வங்கியை அழைத்து, ரத்து செய்யச் சொல்லி, உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பிராசஸிங் கட்டணமும் அதுவரை கட்டிய வட்டியின் வரியும் பெரும்பாலும் திரும்ப வராது. தங்கை போனை வைத்துக்கொண்டாள். 1,500 தள்ளுபடியைத்தான் இன்னும் மறக்கவில்லை.