மூன்று மேப், ஒரே டெக்ஸ்சர்

3D மாடலின் பரப்புக்குத் தரும் அக்லூஷன், ரஃப்னஸ், மெட்டாலிக் மேப்கள் மூன்றுமே கருப்பு-வெள்ளைப் படங்கள்தான். ஆளுக்கொரு கோப்பு எதற்கு? அக்லூஷனைச் சிவப்புச் சேனலிலும், ரஃப்னஸைப் பச்சையிலும், மெட்டாலிக்கை நீலத்திலும் வைத்து ஒரே படமாக்குங்கள். glTF என்ற 3D கோப்பு வடிவம் எதிர்பார்ப்பதும் இதே வரிசைதான். 2048×2048 அளவில் மூன்றையும் தனித்தனியாக BC4 என்ற ஒற்றைச் சேனல் சுருக்க முறையில் வைத்தால், மிப்மேப் சேர்க்காமலே 6 எம்பி ஆகும். சேர்த்த படம், மூன்று சேனலுக்குமான BC1 சுருக்கத்தில் 2 எம்பிதான்.

ரஃப்னஸ் பச்சையில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு: BC1 பச்சைக்கு 6 பிட் தருகிறது, மற்ற இரண்டுக்கும் 5 பிட்தான். ரஃப்னஸில் வரும் படிக்கட்டுக் கோடுகள்தான் பளபளப்பில் முதலில் கண்ணில் படும்.

இறக்குமதி செய்யும்போது sRGB-ஐ அணைக்க மறக்காதீர்கள். அணைக்காவிட்டால் 0.5 என்ற ரஃப்னஸ் ஏறக்குறைய 0.21 ஆகப் படிக்கப்படும். சுவர்கூட ஈரமாக இருப்பதுபோல் மினுங்கும்.

இன்னொரு சிக்கல், துருப்பிடித்த இரும்பு மாதிரியான பரப்புகளில் வரும். BC1 ஒவ்வொரு 4×4 கட்டத்தின் நிறங்களையும் ஒரே நேர்கோட்டில் அடக்கப் பார்க்கும். மூன்று சேனலும் தொடர்பில்லாமல் மாறினால், மெட்டாலிக்கின் விளிம்பு ரஃப்னஸிலும் சதுரக் கறையாகக் கசியும். அப்படித் தெரியும் டெக்ஸ்சர்களை மட்டும் BC7-க்கு மாற்றுங்கள். 4 எம்பி ஆகும். அப்போதும் 2 எம்பி மிச்சம்தான்.